சிரிப்பு வர வேண்டிய சொல் கடைசியில்: ஒரு நகைச்சுவையைக் கட்டும் முறை, படிப்படியாக

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கோயில் திருவிழாவுக்கும் பாடசாலைக் கலைவிழாவுக்கும் மேடையேறுகிற பிள்ளைகளுக்கு நகைச்சுவை சொல்லப் பழக்கிக்கொடுத்து வருகிறேன். வருகிறவர்களிடம் விஷயத்துக்குக் குறைவே இல்லை. லயத்திலும் மலையிலும் பார்த்ததைச் சொன்னாலே போதும். ஆனால் அநேகமாக எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். சிரிப்பு வர வேண்டிய சொல்லை வாக்கியத்தின் நடுவில் விட்டுவிட்டு, அதைத் தாண்டியும் பேசிக்கொண்டே போகிறார்கள்.

போன வருடம் ஒரு தங்கச்சி கொண்டுவந்த நகைச்சுவையை எடுத்துக்கொள்கிறேன். முழுப் பாடத்தையும் இதை வைத்தே செய்யலாம். அவள் முதலில் சொன்னது இப்படி:

"கொழுந்து நிறுக்கிற இடத்துல கிலோ கழிப்பாங்க இல்லையா, அதே மாதிரி ஆஸ்பத்திரியிலயும் கழிப்பாங்கன்னு நினைச்ச ஒரு பாட்டி, பேரப்பிள்ளை மூணு கிலோன்னு மிஸ்ஸி சொன்னதும், எவ்வளவு கழிச்சீங்கன்னு கேட்டாங்களாம். அவங்களுக்கு அதே பழக்கம்."

கேட்டுக்கொண்டிருந்த ஆறு பேரில் இரண்டு பேர் புன்னகைத்தார்கள். மற்றவர்கள் "ம்" என்றார்கள். விஷயம் அருமையானது, வரிசைதான் தலைகீழாக நிற்கிறது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாளும் பேனாவும் வேண்டும். மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திருத்தினால் எந்தச் சொல் எங்கே இருந்தது என்பது மறந்துபோகும். இங்கே முழு வேலையும் சொல்லின் இடத்தைப் பற்றியது.

அடுத்து, கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு விஷயம் வேண்டும். கொழுந்தைத் தராசில் போட்டால் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று சில கிலோவைக் கழித்துத்தான் எழுதுவார்கள். தோட்டத்தில் இதை யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தத் தெரிந்த விஷயம் எதிர்பாராத இடத்தில் தலைகாட்டும்போதுதான் சிரிப்பு வருகிறது.

மூன்றாவது, அந்தக் கதையைக் கேட்டிராத நான்கைந்து பேர். ஒருவரிடம் ஒரு முறைதான் சோதிக்க முடியும், இரண்டாம் முறை அவருக்கு முடிவு தெரிந்திருக்கும். அதனால் லயத்தில் வைத்துச் சொல்லிப் பார்க்காதீர்கள். நடுச்சுவர் வழியாகப் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும், இரண்டு குடும்பம் ஒரே இரவில் செலவாகிவிடும்.

2. பஞ்ச் வரியை முதலில் எழுதுங்கள்

சொல்லும்போது முன்கதை முதலில் வரும், சிரிக்க வைக்கிற வரியான பஞ்ச் கடைசியில் வரும். எழுதும்போது அதைத் திருப்புங்கள். கடைசி வரி எதுவென்று தெரியாமல் முன்கதை எழுதினால், எதை மறைக்க வேண்டும் என்பது தெரியாமலே எழுதுவீர்கள். அந்தத் தங்கச்சி முதல் வாயிலேயே "கிலோ கழிப்பாங்க" என்று சொன்னது அதனால்தான். தன் கதையில் மறைத்து வைக்க வேண்டிய பொருளே அதுதான் என்பதை அவள் இன்னும் முடிவுசெய்திருக்கவில்லை.

பஞ்சை, பாத்திரம் வாயால் சொல்லும் பேச்சாகவே எழுதுங்கள். "பாட்டி சந்தேகப்பட்டாள்" என்பது செய்தி. பாட்டி என்ன கேட்டாள் என்பதுதான் பஞ்ச். நாங்கள் மூன்று விதமாக எழுதினோம்:

"மூணு கிலோங்கிறது கழிச்சதுக்கு அப்புறமா, அதுக்கு முன்னாடியா?"

"சாக்குக்குக் கழிச்சிட்டீங்களா மிஸ்ஸி?"

"மிஸ்ஸி, இதுல எவ்வளவு கழிச்சீங்க?"

மூன்றுக்கும் கருத்து ஒன்றுதான். மேடையில் ஒன்றுதான் நிற்கும். எது என்று அடுத்த படியில் தெரியும்.

3. வெடிக்கிற சொல்லைத் தேடுங்கள்

பஞ்ச் வரியை ஒரு சிறு தாளால் மறைத்து, இடமிருந்து ஒவ்வொரு சொல்லாகத் திறந்துகொண்டு வாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, "இப்போது விஷயம் தெரிந்துவிட்டதா?" என்று கேளுங்கள். எந்தச் சொல் திறந்ததும் "தெரிந்துவிட்டது" என்கிறீர்களோ அதுதான் வெடிக்கிற சொல். அதற்குப் பிறகு எத்தனை சொல் மிச்சம் என்று எண்ணுங்கள். மிச்சம் எதுவும் இருக்கக் கூடாது.

முதல் வடிவத்தில் "கழிச்சதுக்கு" என்றதும் வெடித்துவிடுகிறது. அதன் பிறகு மூன்று சொல் வால். இரண்டாவதில் "சாக்குக்கு" என்ற முதல் சொல்லே தோட்டத்துக்காரருக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவதில் "மிஸ்ஸி" சாதாரணம், "இதுல" சாதாரணம், "எவ்வளவு" வந்தாலும் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம், எதுவாகவும் இருக்கலாம். "கழிச்சீங்க" வந்த பிறகுதான் தெரிகிறது, அதோடு வரியும் முடிகிறது. சரி, இதுதான் நம் பஞ்ச்.

ஏன் கடைசியில்தான் வைக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முன்கதையைக் கேட்கிறவர் சும்மா கேட்பதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தானும் ஒரு கதை கட்டிக்கொண்டே வருகிறார். வெடிக்கிற சொல் அந்தக் கதையை உடைக்கிறது. உடைந்த கணத்தில் அவர் பின்னால் திரும்பி, இதுவரை கேட்டதை எல்லாம் வேறு கண்ணால் பார்க்கிறார். "ஓ, அதுக்காகத்தானா!" என்று பொருந்தியதும் சிரிப்பு வருகிறது. 1972இல் ஜெரி சல்ஸ் என்ற உளவியலாளர் இதை இரண்டு படிகளாகப் பிரித்து எழுதினார்: முதலில் எதிர்பார்ப்போடு ஒட்டாத ஒன்றில் முட்டிக்கொள்வது, பிறகு அது எப்படி ஒட்டுகிறது என்று கண்டுபிடிப்பது.

அந்த இரண்டாம் படிக்கு ஒரு நொடியாவது அமைதி வேண்டும். நீங்கள் அப்போதும் பேசிக்கொண்டிருந்தால், கேட்பவர் பின்னால் திரும்புவதா, உங்கள் அடுத்த சொல்லைக் கேட்பதா என்று தடுமாறுவார். மரியாதைக்காக உங்களைத்தான் கேட்பார். நீங்கள் முடிக்கும்போது அந்தக் கணம் போயிருக்கும். வால் நீண்டால் சிரிப்பு குறைவது இதனால்தான்.

சொல் முன்னாலேயே வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அங்கே உடைவதற்குக் கதையே இருக்காது. தங்கச்சியின் முதல் வடிவத்தில் கேட்பவர் எதையும் தவறாக நினைக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. நடந்ததைத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

4. கேட்பவர் தவறாக என்ன நினைக்க வேண்டும் என்று எழுதுங்கள்

தாளில் தனியாக ஒரு வரி: "கேட்பவர் இப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பார்?" இதற்குப் பதில் எழுத முடியவில்லை என்றால் முன்கதை இன்னும் அமையவில்லை என்று அர்த்தம்.

நம் கதைக்கு எழுதியது: "பிள்ளைக்கு ஏதோ குறை, பாட்டி பயந்துவிட்டாள்." பாட்டியின் முகம் மாறுவதைக் காட்டினால் யாரும் இதைத்தான் நினைப்பார்கள். பிரசவ வார்டில் மூத்தவர் ஒருவர் முகம் மாறினால் வேறு என்ன தோன்றும்? அந்தப் பயம் எவ்வளவு உண்மையாக இருக்கிறதோ, உடையும்போது அவ்வளவு பலமாக உடையும்.

5. இரண்டு கதைக்கும் பொருந்தும் ஒரு செயலை வையுங்கள்

புதியவர்கள் அதிகம் தாண்டிப்போகும் படி இது. கேட்பவரை ஏமாற்றினால் மட்டும் போதாது. திரும்பிப் பார்க்கும்போது "இவர் பொய் சொல்லவில்லை, நான்தான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்" என்று அவருக்குத் தோன்ற வேண்டும். அதற்கு முன்கதையில் ஒரு செயலோ சொல்லோ இரண்டு அர்த்தத்துக்கும் இடம் கொடுத்து நிற்க வேண்டும்.

நாங்கள் வைத்தது: பாட்டி பிள்ளையைக் கையில் வாங்கி, இரண்டு தரம் மெல்லத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். முதலில் கேட்கும்போது அது கொஞ்சல். பஞ்ச் வந்த பிறகு, அவள் கையாலேயே நிறுத்துப் பார்த்திருக்கிறாள். இருபது வருடம் கொழுந்து சுமந்தவளுக்குக் கைதான் தராசு. செயல் ஒன்றுதான், அர்த்தம் மட்டும் புரண்டுவிட்டது. இதைச் சேர்த்த அன்றுதான் ஒத்திகையில் முதன்முதலாக எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

சோதிக்க ஒரு வழி: பஞ்ச் தெரிந்த பிறகு முன்கதையை முதலிலிருந்து படியுங்கள். எந்த வரியாவது பொய்யாகிவிட்டால் அதை எடுத்துவிடுங்கள். ஒரு தம்பி "பாட்டி பயத்தில் நடுங்கினாள்" என்று சேர்த்திருந்தான். கிலோ குறைந்த சந்தேகத்தில் யாரும் நடுங்க மாட்டார்கள். "முகம் மாறியது" என்றால் பயத்துக்கும் பொருந்தும், சந்தேகத்துக்கும் பொருந்தும்.

6. முன்கதையைச் செதுக்குங்கள்

ஒவ்வொரு வரியும் இரண்டில் ஒரு வேலையைச் செய்ய வேண்டும். ஒன்று, கேட்பவரின் தவறான கதையை வளர்க்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் பொருந்துவதற்கு உதவ வேண்டும். பஸ் கிடைக்காமல் ஆட்டோவில் போனது, மழை, மருமகனின் பெயர் எல்லாம் போகட்டும். பெயர் சொன்னால் கேட்பவர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளப் பார்ப்பார், பின்னால் அது எதற்கும் வராது.

பாட்டி கொழுந்து எடுக்கிறவள் என்பதை விட முடியாது. அதை முதல் வரியிலேயே, சாதாரணத் தகவலாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுங்கள். பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தால் கேட்பவர் மோப்பம் பிடித்துவிடுவார்.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சொல்வதானால் வேறு சிக்கல். அங்கே பலருக்கு நிறுவையில் கழிப்பது தெரியாது. பஞ்சுக்குப் பிறகு விளக்கினால் சிரிப்பு திரும்பி வராது, அதனால் விளக்கம் முன்னாலேயே போக வேண்டும். "தோட்டங்களில் கிலோ கழிப்பார்கள்" என்று பாடமாகச் சொன்னாலோ முதல் தவறுக்கே திரும்பிவிடுவோம். நாங்கள் செய்தது, பாட்டியின் புலம்பலாக அதைத் தொடக்கத்தில் போட்டோம்: "முப்பது கொண்டுபோனா இருபத்தேழுன்னு எழுதுறாங்க." விஷயம் உள்ளே போய்விட்டது. "கழிக்கிறது" என்ற சொல் மட்டும் இன்னும் யார் காதிலும் விழவில்லை. அது பஞ்சுக்காகக் காத்திருக்கிறது. இந்த ஒரு விதியைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: வெடிக்கிற சொல் முன்கதையில் எங்கேயும் வரக் கூடாது.

7. தமிழ் வாக்கியத்தைப் பஞ்சுக்கு ஏற்பத் திருப்புங்கள்

நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். தமிழ் வாக்கியம் தன் வழக்கப்படி போனால் வினைச்சொல் கடைசியில் வரும். இது சில இடத்தில் நமக்கு உதவி, சில இடத்தில் இடைஞ்சல்.

வெடிக்கிற சொல் வினையாக இருந்தால் கவலையில்லை. "எவ்வளவு கழிச்சீங்க" என்பதில் மொழியே அதைக் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிட்டது. வெடிக்கிற சொல் வேறாக இருந்தால் நாம்தான் அதைத் தூக்கி வினைக்குப் பின்னால் வைக்க வேண்டும். பேச்சுத் தமிழ் அதற்கு இடம் கொடுக்கிறது. பாருங்கள்:

"புது வீடு கட்டித் தாறோம்னு வந்தவங்க எல்லாரும் அவங்களுக்குக் கட்டி முடிச்சிட்டாங்க."

"புது வீடு கட்டித் தாறோம்னு வந்தவங்க எல்லாரும் கட்டி முடிச்சிட்டாங்க... அவங்களுக்கு."

இரண்டிலும் அதே சொற்கள். இரண்டாவதில் "கட்டி முடிச்சிட்டாங்க" என்ற இடத்தில் ஒரு நல்ல செய்தி முழுமையாக உருவாகி நிற்கிறது. அதன் பிறகுதான் அது கவிழ்கிறது. முதலாவதில் அந்த நல்ல செய்தி உருவாகவே இல்லை.

அடுத்த இடைஞ்சல், "என்று கேட்டாள்". தமிழில் பேச்சு முதலில் வரும், யார் சொன்னது என்பது பின்னால் வரும். ஆகவே, "'எவ்வளவு கழிச்சீங்க'ன்னு பாட்டி மிஸ்ஸிக்கிட்ட கேட்டாங்களாம்" என்று சொல்லத்தான் வாய் போகும். வெடித்த பிறகு மூன்று சொல் வால். வழக்கமான பேச்சில் இது தப்பே இல்லை, பஞ்சில் மட்டும்தான் கெடுதி. சரிசெய்வது சுலபம். யார் கேட்டார் என்பதை முன்னால் முடித்துவிடுங்கள்: "பாட்டி, மிஸ்ஸி கிட்ட வந்து மெதுவா கேட்டாங்க." நிறுத்துங்கள். அப்புறம் பேச்சு மட்டும். அதன் பின்னால் "-ன்னு" கூட வரக் கூடாது. பழக்கத்தில் வந்துகொண்டே இருக்கும். பஞ்சை மட்டும் தனியாகப் பத்துத் தரம் சொல்லி, "-ன்னு" இல்லாமல் வாயை மூடப் பழகுங்கள்.

மூன்றாவது இடைஞ்சல் நுட்பமானது. தமிழில் வினையின் வாலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். வந்தான் என்றால் ஆண், வந்தாள் என்றால் பெண், வந்தது என்றால் மனிதரே இல்லை. கதையின் ஆச்சரியமே "அது யார்" என்பதில் இருந்தால், இந்த வால் முதல் வரியிலேயே கதையை முடித்துவிடும். ஒரு தம்பி சேவலைப் பற்றி எழுதிய முதல் வரி: "எங்க லயத்துல விடியுமுன்ன எழும்பி எல்லாரையும் எழுப்புது." "எழுப்புது" என்றதும் எல்லாருக்கும் சேவல் தெரிந்துவிட்டது.

இதற்கு வழி, முடிந்த வினையே வராமல் எச்சங்களாகவே கட்டிக்கொண்டு போவது. "எழும்பி", "எழுப்பி", "விரட்டி" என்பவற்றில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, அஃறிணையும் இல்லை. அப்படித் திருத்திய வடிவம்:

"எனக்குக் கண்ணுலயே காட்டக்கூடாது. விடியுமுன்ன எழும்பி, லயத்தையே சத்தம் போட்டு எழுப்பி, எல்லாரையும் வேலைக்கு விரட்டிட்டு, தான் மட்டும் ஒரு நாளும் மலை ஏறாத அந்தச் சேவலை."

கடைசிச் சொல் வரும்வரை கேட்பவர் ஒரு கங்காணியையோ வீட்டுக்காரரையோதான் நினைத்துக்கொண்டிருப்பார். "ஏறாத" என்ற பெயரெச்சமும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. வால் என்று பார்த்தால் சேவலோடு ஒட்டிய ஒரு "ஐ" மட்டும்தான். ஆனால் ஆண், பெண் வேறுபாடு மட்டும் மறைய வேண்டுமானால் இவ்வளவு வேலை தேவையில்லை. பேச்சில் "வந்தாங்க" என்றாலே மறைந்துவிடும்.

இப்போது பாட்டி கதை, தோட்டத்து மேடைக்கு எழுதியபடி:

"இருபது வருஷமா கொழுந்தெடுக்கிற ஒரு பாட்டி. மகளுக்குப் பிரசவம்னு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ராத்திரி முழுக்கக் கும்பிட்டபடியே இருந்தாங்க. விடியக்காலையில மிஸ்ஸி பிள்ளையைக் கொண்டுவந்து, 'பேத்தி பிறந்திருக்கு, மூணு கிலோ'ன்னு கையில குடுத்தாங்க. பாட்டி வாங்கினாங்க. ரெண்டு தரம் மெல்லத் தூக்கித் தூக்கிப் பார்த்தாங்க. முகம் மாறிப்போச்சு. மிஸ்ஸி கிட்ட வந்து மெதுவா கேட்டாங்க... 'மிஸ்ஸி, இதுல எவ்வளவு கழிச்சீங்க?'"

"கும்பிட்டபடியே" என்ற வரி எதற்கு என்று ஒருவர் கேட்டார். அதுதான் பயத்தை வளர்க்கிறது. எடுத்துப் பார்த்தோம், சிரிப்பு குறைந்தது. திரும்பச் சேர்த்துவிட்டோம்.

8. சொல்லிப் பார்த்து, பிசகிய இடத்தைக் கண்டுபிடியுங்கள்

தமிழில் பேசும்போது வாக்கியத்தின் முடிவில் குரல் தானாகவே இறங்கும். நம் வெடிக்கிற சொல் சரியாக அங்கேதான் இருக்கிறது. கோயில் முற்றத்தில் குழாய் ஒலிபெருக்கி, எதிர்மலையில் பட்டுத் திரும்பும் சத்தம், இவற்றுக்கு நடுவில் "கழிச்சீங்க" பாதியில் கரைந்துபோகும். கடைசிச் சொல்லில் குரலை இறக்காதீர்கள். கத்தவும் தேவையில்லை, முந்தின சொல்லின் அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

"மெதுவா கேட்டாங்க" என்ற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தம் போதும். அதைவிட நீண்டால் கூட்டத்தில் கெட்டிக்காரர் ஒருவர் முடிவைச் சத்தமாகச் சொல்லிவிடுவார். பஞ்சுக்கு உள்ளே, "எவ்வளவு" என்பதற்குப் பிறகு நிறுத்தவே கூடாது.

பஞ்ச் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். சிரிப்பு எழுந்து, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கும்போது அடுத்த கதையை ஆரம்பியுங்கள். உச்சியிலேயே ஆரம்பித்தால் அடுத்த முன்கதையின் முதல் வரி யாருக்கும் கேட்காது. அந்த வரியில்தான் பெரும்பாலும் முக்கியமான தகவல் இருக்கும்.

சிரிப்பு வரவில்லை என்றால் முகங்களைப் பாருங்கள், அவை இடத்தைக் காட்டும். பஞ்சுக்கு முன்னாலேயே சிலர் சிரித்துவிட்டார்கள் என்றால் வெடிக்கிற சொல்லோ அதன் சொந்தக்காரச் சொல்லோ முன்கதைக்குள் கசிந்திருக்கிறது. ஆறாம் படிக்குப் போங்கள். எல்லாரும் நெற்றியைச் சுருக்கினால் பின்னால் பொருந்துவதற்கான தகவல் போதவில்லை. நிறுவையைப் பற்றி அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஐந்தாம் படியின் செயல் காணாமல் போயிருக்கலாம். சிரிப்பு வந்தும் பாதியில் அறுந்தால் நீங்கள் வால் சேர்த்திருக்கிறீர்கள்.

அந்தத் தங்கச்சிக்குத் திருவிழா மேடையில் நடந்தது இந்தக் கடைசி வகைதான். "கழிச்சீங்க" என்றதும் கொழுந்தெடுக்கும் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் குபீரென்று எழுந்தது. அந்தச் சத்தத்தில் பயந்துபோய், "அவங்களுக்கு அதே பழக்கம்" என்று பழைய வாலைச் சேர்த்துவிட்டாள். சிரிப்பு அப்படியே நின்றது. அடுத்த வாரம் வேறொரு தோட்டத்தில் சொல்லப் போகுமுன், பஞ்ச் முடிந்ததும் மைக்கை மார்புக்கு இறக்கிவிடச் சொன்னேன். அவள் இறக்கினாள். இந்த முறை முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா, சிரிப்பு அடங்குமுன்னே, "மூணு கிலோ கழிச்சிருப்பாங்க!" என்று குரல் கொடுத்தார். கூட்டம் மறுபடியும் சிரித்தது.